"சுகாதாரக் காரணத்தால் திருப்பி எடுக்கமாட்டோம்": இந்த வரி எங்கே செல்லும், எங்கே செல்லாது?

லண்டனில் எங்கட ஆட்கள் நடத்தும் ஒன்லைன் உடுப்புக் கடை எதையும் திறந்து பாருங்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். "சுகாதாரக் காரணங்களுக்காக உள்ளாடை, அழகுசாதனப் பொருட்கள், காதணிகள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது." ஆங்கிலத்தில்தான் இருக்கும், பொருள் இதுதான். ஒரு கடை இன்னொரு கடையைப் பார்த்து எழுதியது. அந்தக் கடை சென்னையில் இருக்கிற ஒரு கடையைப் பார்த்து எழுதியிருக்கும். வாங்குகிறவர்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அளவில்லாத பிராவை அலுமாரிக்குள் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வெட்கமும் ஒரு காரணம்தான். சேலை சரியில்லை என்று கடைக்காரருக்குப் போன் எடுக்கிற பெண், உள்ளாடை சரியில்லை என்று எடுக்கமாட்டார். அதுவும் அந்தக் கடைக்காரர் கோயிலில், கலியாண வீட்டில் கண்ணில் படுகிற ஆளாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நான் பத்து வருடத்துக்கு மேல் ஒரு பெரிய உடுப்பு நிறுவனத்தின் வேர்ஹவுஸில், திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்துப் பார்க்கும் மேசையில் வேலை செய்தேன். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பார்சல். எதைத் திரும்ப விற்பனைக்கு அனுப்புவது, எதைக் குப்பையில் போடுவது, எந்த வாடிக்கையாளருக்குக் காசு கொடுக்கக்கூடாது என்பதை முதலில் தீர்மானிப்பது அந்த மேசைதான். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம்: "உள்ளாடை" என்று ஒரு பொருள் கிடையாது. பிரா வேறு, ஜட்டி வேறு. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

பிரித்தானியாவில் ஒன்லைனிலோ போனிலோ வாங்குகிற பொருளுக்கு 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் பொருந்தும். பொருள் கைக்கு வந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், ஒரு காரணமும் சொல்லாமல், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்ன பிறகு அனுப்பிவைக்க இன்னும் 14 நாள் இருக்கிறது. இந்த உரிமைக்குச் சில விலக்குகள் உண்டு. அதில் ஒன்றுதான் சுகாதாரம்.

ஆனால் அந்த விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். எந்த இடத்திலும் "உள்ளாடை" என்ற சொல் இல்லை. "அழகுசாதனம்" என்ற சொல்லும் இல்லை. சீல் வைத்த பொருளாக இருக்கவேண்டும், சுகாதாரம் அல்லது உடல்நலப் பாதுகாப்புக் காரணமாகத் திருப்பி எடுக்க ஏற்றதில்லாததாக இருக்கவேண்டும், கைக்கு வந்த பிறகு அந்தச் சீல் உடைந்திருக்கவேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் உரிமை போகும். பொருளின் பெயர் உரிமையைப் பறிப்பதில்லை. சீல் உடைவதுதான் பறிக்கிறது. சீலே இல்லாமல் வந்த பொருளுக்கு உடைக்க என்ன இருக்கிறது?

இதோடு இன்னொரு நிபந்தனை. "சீலை உடைத்தால் உரிமை போய்விடும்" என்பதை வாங்குகிறவர் காசு கட்டுவதற்கு முன்பே கடை சொல்லியிருக்கவேண்டும். பார்சலுக்குள் ஒரு துண்டுக் கடதாசி வைத்துவிட்டு, அதைக் காட்டி மறுக்க முடியாது.

இந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011ல் கொண்டுவந்த நுகர்வோர் உரிமைச் சட்டத்தைப் பிரித்தானியா உள்நாட்டு விதியாக எழுதியதுதான் இது. ஆகவே ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க், நோர்வே என்று இருக்கிற எங்கட சனத்துக்கும் ஏறக்குறைய இதே வரிகள்தான். சுவிஸ் வேறு. அங்கே ஒன்லைனில் வாங்கியதை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் பொதுவான சட்ட உரிமை இல்லை, கடை தானாகக் கொடுத்தால்தான் உண்டு. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

இந்தச் "சுகாதாரக் காரணம்" என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று ஒரு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனது. ஜேர்மனியில் 2014ஆம் ஆண்டு ஒருவர் ஸ்லேவோ என்ற ஒன்லைன் கடையில் ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்து ஒரு மெத்தை வாங்கினார். மெத்தையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை இருந்தது. அதைக் கழற்றினார். பிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். கடை சொன்னது: உறையைக் கழற்றிவிட்டீர்கள், இது சுகாதாரப் பொருள், காசு தரமாட்டோம்.

2019 மார்ச் 27ல் தீர்ப்பு வந்தது. வாங்கியவர் பக்கம். நீதிமன்றம் சொன்ன காரணத்தைத்தான் நாங்கள் கவனிக்கவேண்டும். ஹோட்டலில் ஒரே மெத்தையில் ஒருவர் மாறி ஒருவர் படுக்கிறார்கள். பழைய மெத்தைக்கும் சந்தை இருக்கிறது. துப்புரவு செய்ய முடியும். அதனால் உறையைக் கழற்றியதும் அது விற்க முடியாத பொருளாகிவிடவில்லை. மெத்தையை நீதிமன்றம் உடுப்போடு ஒப்பிட்டது. உடுப்பைப் போட்டுப் பார்க்கும்போது அதுவும் உடம்பில் படத்தான் செய்கிறது. அதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போவதில்லை. சீலை உடைத்த பிறகு, துப்புரவாக்கி மறுபடியும் விற்பது முடியாது அல்லது மிகவும் கடினம் என்கிற பொருளுக்கு மட்டும்தான் இந்த விலக்கு. அந்த நேரம் பிரித்தானியாவும் ஒன்றியத்துக்குள்தான் இருந்தது.

இந்த அளவுகோலை வைத்து எங்கட மேசைக்கு வருவோம். பிராவைக் கடையில் வாங்கப் போனால் உடுத்துப் பார்க்கும் அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க விடுகிறார்கள். ஒரே பிராவை ஒரு நாளில் நாலு பேர் போட்டுப் பார்த்திருப்பார்கள், ஐந்தாவது ஆள் வாங்கியிருப்பார். அப்படியிருக்க, ஒன்லைனில் வாங்கியவர் ஒருமுறை போட்டுப் பார்த்ததும் சுகாதாரக் கேடு வந்துவிட்டது என்றால் யார் நம்புவது? எங்கள் வேர்ஹவுஸில் பிரா சாதாரண உடுப்பு மாதிரித்தான் திரும்பி வந்தது. லேபல் இருக்கிறதா, கப்பின் உள்பக்கம் பவுடர் அல்லது கிரீம் கறை இருக்கிறதா, கக்கப் பக்கம் டியோடரண்ட் வெள்ளையாகப் பிடித்திருக்கிறதா, கொக்கி வளைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒன்றும் இல்லையென்றால் திரும்பவும் தட்டில்.

ஜட்டிக்கும் நீச்சல் உடைக்கும் கதை வேறு. அவற்றின் அடிப்பக்கத்தில் உள்ளே ஒரு ஒட்டும் பட்டி ஒட்டி வரும். அதை எடுக்காமல், சொந்த உள்ளாடைக்கு மேலே போட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் முறை. அந்தப் பட்டிதான் உண்மையில் சீல். அது போனால் நான் காசு கொடுக்க விட்டதில்லை. சிலர் கழற்றிவிட்டு மறுபடி ஒட்டி அனுப்புவார்கள். கண்டுபிடிப்பது லேசு. ஒட்டும் பக்கத்தில் துணி நூல் பிடித்திருக்கும், ஓரம் சுருங்கியிருக்கும், முதலில் ஒட்டியிருந்த இடத்திலிருந்து ஒரு பக்கம் விலகியிருக்கும். மூக்குக்கும் தெரியும், அதை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

லிப்ஸ்டிக், மை, கிரீம் எல்லாம் இன்னும் தெளிவு. மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுற்று, அல்லது கிரீம் டப்பாவின் வாயில் ஒட்டிய ஈயத்தாள். அதைக் கிழித்தால் முடிந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டியிலேயே லிப்ஸ்டிக் உதாரணமாக வருகிறது. ஆனால் வெறும் மட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு சீலும் இல்லாமல் அனுப்பின மை பென்சிலுக்கு இந்த வரியைக் காட்ட முடியாது.

இப்போது ஒரு உண்மைக் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு தமிழ் ஒன்லைன் கடையில் 69 பவுணுக்கு ஓடர் பண்ணினாள். இரண்டு பிரா 36 பவுண், ஐந்து ஜட்டி உள்ள பைக்கற் 12, ஒரு மை பென்சில் 6, ஒரு சோடி ஜிமிக்கி 15. தபால் செலவு இலவசம். பிரா இரண்டும் சின்னன். ஜட்டியின் துணி படத்தில் பருத்தி, கையில் நைலோன் மாதிரி. மை கண்ணில் போட்டால் கறுப்பில்லை, மண்ணிறம். ஜிமிக்கியில் ஒன்றின் தண்டு, தோடு போடுகிற இடத்தோடு பொருத்தின பக்கம், கையில் எடுத்ததும் கழன்றுவிட்டது. ஐந்தாம் நாள் கடைக்கு எழுதினாள். பதில் ஒரே வரி: "சுகாதாரப் பொருட்கள், திருப்பி எடுக்கமாட்டோம்."

"அக்கா, அவங்க பொலிசியில போட்டிருக்கு. ஒண்டும் செய்யேலாதுதானே?" என்று கேட்டாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிரா சாதாரண பொலித்தீன் பையில் வந்தது. மடித்து ஒட்டின பை, சீல் என்று ஒன்றும் இல்லை. ஒருமுறை போட்டுப் பார்த்தாள், லேபல் அப்படியே இருக்கிறது. உரிமை இருக்கிறது, 36 பவுண் வரவேண்டும். மை பென்சிலில் பிளாஸ்டிக் சுற்று இருந்தது, கிழித்துக் கண்ணிலும் போட்டாயிற்று. அதை மறந்துவிடு என்று சொன்னேன். கறுப்பு என்று எழுதி மண்ணிறத்தை விற்றதாக வாதாடலாம்தான். ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் "கறுப்பு மண்ணிறம்" என்றே எழுதியிருந்தது, கடைப் பக்கத்திலும் அப்படியே.

ஜிமிக்கிதான் முக்கியம். இது மனம் மாறின கதை இல்லை, பழுதான பொருள். பழுதான பொருளுக்கு வேறு சட்டம், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். 30 நாட்களுக்குள் பழுதென்று சொல்லித் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். சீல் உடைத்தாயா, காதில் போட்டாயா என்ற கேள்வி இங்கே வராது. உடைக்காமல் பழுது எப்படித் தெரியும்? இந்த உரிமையைக் கடை எந்த வரியாலும் எழுதித் தள்ளிவிட முடியாது. "எக்காரணம் கொண்டும்" என்று அவர்கள் எழுதியிருந்த அந்த இரண்டு சொல்லும்தான் அந்த வரியில் மிகப் பெரிய பிழை. பழுதானதற்கும் காசு கிடைக்காது என்று சனத்தை நம்பவைக்கிற அறிவித்தல் அது. அப்படித் தவறான எண்ணம் கொடுப்பதே கடைக்கு எதிராக நடவடிக்கை எடுக்கக்கூடிய விடயம். நேரே கடைக்குப் போய் வாங்கினாலும் இதே சட்டம்தான். நேரே வாங்கியதை மனம் மாறிக் கொண்டுபோனால் எடுக்கவேண்டும் என்று கடைக்குக் கட்டாயமில்லை, ஆனால் பழுதென்றால் உண்டு. கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிற "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" போர்ட்டை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

ஜட்டிதான் இழுபறி. பைக்கற் திறந்திருந்தது, ஆனால் ஐந்திலும் உள்பட்டி கை படாமல் அப்படியே இருந்தது. வெளிப் பைதான் சீலா, உள்ளே இருக்கிற பட்டி சீலா? கடை எங்கேயும் சொல்லவில்லை. திறக்காமல் துணியைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. என்னைக் கேட்டால் திருப்பி எடுக்கவேண்டும். ஆனால் வெளிப் பைதான் சீல் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் வாதாட ஒரு இடம் இருக்கிறது என்பதையும் அவளுக்குச் சொன்னேன்.

சட்டத்தின் பெயரைப் போட்டு, பொருளுக்கு ஒரு வரியாக ஒரு ஈமெயில் எழுதினாள். கோபமான சொல் ஒன்றுமில்லை. ஒரு கிழமையில் கடை பிராவுக்கும் ஜிமிக்கிக்கும் ஒத்துக்கொண்டு 51 பவுண் போட்டது. அனுப்பும் செலவை யார் கட்டவேண்டும் என்று பொலிசியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டால் அது கடையின் தலையில்தான் விழும், அதையும் கொடுத்தார்கள். ஜட்டிக்கு மாட்டோம் என்று நின்றார்கள். 12 பவுணுக்காக இன்னும் ஒரு மாதம் எழுத அவளுக்கு மனமில்லை, விட்டுவிட்டாள்.

பிறகு அந்தக் கடைக்காரரே யாரிடமோ என் இலக்கத்தை வாங்கிப் போன் எடுத்தார். சண்டைக்குத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கிறன். ஒருத்தர் போட்ட ஜட்டியை நான் இன்னொருத்தருக்கு எப்படி விக்கிறது? மனச்சாட்சி வேண்டாமோ?"

"விக்கச் சொல்லேல்ல அண்ணை. நீங்கள் எழுதியிருக்கிறதுதான் உங்களைக் காப்பாத்தேல்ல."

அவருடைய பயம் நியாயமானது. சின்னக் கடை, வீட்டுக் கராஜில் சாமான். திரும்பி வருகிற ஒவ்வொரு ஜட்டியும் குப்பைக்குத்தான். பெரிய நிறுவனம் தாங்கும், இவர் தாங்கமாட்டார். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் பிடித்த மருந்து பிழை. எல்லாவற்றையும் ஒரே வரியில் மூடினால், உண்மையில் மறுக்கக்கூடிய பொருளுக்கும் மறுக்க முடியாமல் போகும். ஏனென்றால் எதுதான் சீல் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

இன்னொரு விசயமும் அவருக்குத் தெரியாது, பல கடைக்காரருக்குத் தெரியாது. மறுப்பது மட்டும்தான் வழி என்றில்லை, கழித்துக் கொடுக்கவும் சட்டம் இடம் விட்டிருக்கிறது. கடையில் உடுத்துப் பார்க்கும் அறைக்குள் செய்யக்கூடியதை விட அதிகமாக ஒருவர் அந்தப் பொருளோடு செய்திருந்தால், உதாரணமாக ஒரு நாள் முழுக்கப் போட்டு, தோய்த்தும் அனுப்பியிருந்தால், அதனால் குறைந்த பெறுமதியைத் திருப்பிக் கொடுக்கும் காசில் கழிக்கலாம். பொருள் முற்றாக விற்க முடியாத நிலைக்கு வந்திருந்தால் முழு விலையும் கழிபடலாம். ஒரு நிபந்தனை: 14 நாள் உரிமையைப் பற்றி வாங்குகிறவருக்கு முறைப்படி சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொல்லாத கடைக்குக் கழிக்கும் உரிமையும் இல்லை, அந்த 14 நாளும் 12 மாதம் வரைக்கும் நீளலாம். சின்ன எழுத்தில் ஒளித்து மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஒரு வருடத்துக்குக் கதவைத் திறந்து வைத்த கதை.

அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது. ஆங்கிலத்தில் அவருடைய மகள் திருத்திப் போட்டாள்.

"பொருள் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் நீங்கள் ரத்து செய்யலாம். பிரா, பாவாடை, மற்ற உடுப்புகளைப் போட்டுப் பார்க்கலாம். லேபலைக் கழற்றாமல், தோய்க்காமல் அனுப்புங்கள். ஜட்டி, நீச்சல் உடை ஆகியவற்றின் உள்ளே சுகாதாரப் பட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுகாதாரக் காரணத்தால் ரத்து செய்ய முடியாது. மை, லிப்ஸ்டிக், கிரீம் ஆகியவற்றில் உள்ள பிளாஸ்டிக் சுற்றை அல்லது ஈயத்தாளைக் கிழித்தாலும், காதணிப் பெட்டியில் உள்ள சீல் ஸ்டிக்கரைக் கிழித்தாலும் அவ்வாறே. மனம் மாறித் திருப்பி அனுப்பும் தபால் செலவு உங்களுடையது. பழுதான, விவரித்தபடி இல்லாத பொருட்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது; செலவும் எங்களுடையது."

நீளம்தான். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் சீல் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. இதைப் பக்கத்தின் அடியில் மட்டும் போடாமல், ஜட்டியின் பக்கத்தில் ஜட்டிக்குரிய வரியையும், மையின் பக்கத்தில் மைக்குரிய வரியையும், விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னேன். தைத்துக் கொடுக்கிற பிளவுஸ் பற்றி அவர் கேட்டார். அது சுகாதாரத்தோடு சேராது. வாங்குகிறவர் கொடுத்த அளவுக்கு வெட்டித் தைத்தது என்பதால் அதற்குத் தனி விலக்கு இருக்கிறது, தனியாக எழுதவேண்டும்.

"காதணிக்குச் சீல் ஸ்டிக்கர் எண்டு போட்டிருக்கிறியள், எங்கட பெட்டியில அப்படி ஒண்டும் இல்லையே" என்றார்.

அப்படியென்றால் ஒட்டத் தொடங்குங்கள் என்றேன். கிழித்தால் தடம் விடுகிற ஸ்டிக்கர், சுருளாகச் சின்னக் காசுக்கு வரும். சாதாரண செலோடேப் சரிவராது, அதைக் கழற்றித் திரும்ப ஒட்டினால் உங்களுக்கும் தெரியாது, வழக்கென்று வந்தால் நீதிபதிக்கும் தெரியாது. ஜட்டியை மொத்தமாக வாங்கும்போது உள்பட்டி ஒட்டின சரக்கைத்தான் கேட்டு வாங்கவேண்டும். பட்டி இல்லாத பழைய சரக்கு அவரிடம் மூன்று பெட்டி கிடந்தது. அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். பட்டியைத் தனியாக வாங்கி நீங்களே ஒட்டலாம், அல்லது பைக்கற்றின் வாயில் அந்த ஸ்டிக்கரை ஒட்டி, அதுதான் சீல் என்று ஜட்டியின் பக்கத்திலேயே எழுதலாம், துணி தெரிகிற மாதிரி ஒரு கிட்டத்துப் படமும் போடுங்கள் என்றேன். இரவு எட்டு மணிக்குக் கராஜிலிருந்து ஒரு படம் அனுப்பினார். அவரும் மகளும் பைக்கற்றுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.